காணாமல் போன மார்ச் சனிக்கிழமை

லண்டன் கிளையின் சனிக்கிழமை வருமானம் திடீரென்று இரண்டு மடங்காகிவிட்டது. சிங்கப்பூர் தலைமை அலுவலகத்தில் முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு ஒருவர் கேட்டார், அந்தச் சின்ன உணவகத்தில் ஒரே நாளில் அவ்வளவு பேர் எப்படி உட்கார முடியும் என்று. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

விற்பனை ரிப்போர்ட் தினமும் லண்டன் நேரம் அதிகாலை 1:30 மணிக்கு ஓடி, முந்தைய நாள் கணக்கைச் சேர்க்கும். 2025 அக்டோபர் 26, ஞாயிறு அதிகாலை 2 மணி ஆனதும் அங்கே கடிகாரம் மறுபடி 1 மணிக்குப் போனது. ஆகவே 1:30 இரண்டு முறை வந்தது, ரிப்போர்ட்டும் இரண்டு முறை ஓடியது. சிங்கப்பூரில் கடிகாரம் மாறுவதே இல்லை, அதனால் அதை எழுதியவருக்கு இது தோன்றவில்லை. லாகில் வெறும் 01:30 என்று மட்டும் பதிந்திருந்ததால், முதலில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. இப்படிப் பதிந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்:

```
2025-10-26T01:30:00+01:00
2025-10-26T01:30:00+00:00
```

அப்போதுதான் மார்ச் மாதத்தைத் தோண்டினேன். மார்ச் 30 அன்று லண்டனில் 1 மணி ஆனதும் கடிகாரம் 2க்குத் தாவியது. அன்று 1:30 என்ற நேரமே இல்லை, ரிப்போர்ட்டும் ஓடவில்லை. மறுநாள் அது வழக்கம்போல ஓடி ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைச் சேர்த்தது. 29ஆம் தேதி, சனிக்கிழமை, ஏழு மாதமாகக் கணக்கிலேயே இல்லை. வராத ரிப்போர்ட்டை யாரும் தேடவில்லை. முதல் காலாண்டு இலக்கைக் கொஞ்சத்தில் தவறவிட்டதாக அந்தக் கிளை மேனேஜர் பேச்சு வாங்கியிருந்தார், பாவம்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, ‘யுடிசி நேரத்தில் ஓட்டு’ என்பது. டெபியன் லினக்ஸில் வரும் கிரான் போன்ற சில ஷெட்யூலர்கள் இந்த மாற்றத்தைத் தாங்களே சமாளிக்கவும் பார்க்கும். இரண்டும் உதவும்தான், ஆனால் எனக்குப் போதவில்லை. சர்வர் இரவில் விழுந்தாலும் ஒரு நாள் விடுபடும், யாராவது கையால் மறுபடி ஓட்டினாலும் இரட்டிக்கும். ரிப்போர்ட் எத்தனை மணிக்கு ஓடியது என்பதை விட, எந்த நாளுக்கானது என்பதைத்தான் டேட்டாபேஸ் கவனிக்க வேண்டும். நான் போட்டது ஒரே ஒரு வரி:

```sql
UNIQUE (branch_id, business_date)
```

ஒரே நாளை இரண்டாம் முறை சேர்க்கப் போனால் டேட்டாபேஸ் மறுத்துவிடும். கூடவே, ஒவ்வொரு ஓட்டத்திலும் கடந்த ஏழு நாட்களில் எந்தத் தேதி இல்லையோ அதையும் சேர்க்கச் சொன்னேன். அந்த நாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை லண்டன் நள்ளிரவை வைத்தே எடுக்க வேண்டும். பின்னோக்கி 24 மணி நேரம் என்று எண்ணினால், 25 மணி நேரமுள்ள அந்த அக்டோபர் ஞாயிறில் முதல் ஒரு மணி நேரம் விழுந்துவிடும். சனி இரவுக் கூட்டம் சாப்பிட்டு பில் கட்டும் நேரமே அதுதான்.

மார்ச் 29ஐ மட்டும் கையால் ஓட்டினோம். அந்தக் காலாண்டு இலக்கைக் கிளை தாண்டியிருந்தது.