எந்த ஊர் என்பதற்கு எத்தனை மதிப்பெண்?

தென்காசிப் பக்கத்து அச்சன்புதூரிலிருந்து சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் ஒரு பட்டதாரியை எண்ணிப் பார்ப்போம். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை. தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் பேச வேண்டும். “பில் இன்னும் வரவில்லை என்று ஒருவர் கோபமாகப் பேசுகிறார். என்ன செய்வீர்கள்?” என்று குழுவில் ஒருவர் கேட்கிறார்.

“மொதல்ல அவிய பேரையும் ஆர்டர் நம்பரையும் கேட்டு எழுதிக்கிடுவேன் சார். எந்த மெயிலுக்கு அனுப்புனோம்னு பாத்துச் சொல்லுவேன். அது தப்புன்னா, சரியான மெயில அவிய வாயாலயே சொல்லச் சொல்லி, லைன்ல இருக்கும்போதே அனுப்பிருவேன்.”

பதிலில் குறையே இல்லை. என்ன கேட்க வேண்டும், எதைச் சரிபார்க்க வேண்டும், எப்போது முடிக்க வேண்டும் என எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. ஆனால் மதிப்பெண் தாளில் ‘கம்யூனிகேஷன்’ கட்டத்தில் ஒருவர் 20-க்கு 9 போடுகிறார். பக்கத்தில் இருப்பவர் 15 போடுகிறார். இருவரும் கேட்டது ஒரே பதிலைத்தான். அந்த 6 மதிப்பெண் எங்கே போயிற்று என்பதற்குத் தாளில் விளக்கம் இல்லை. ‘அவிய’, ‘எழுதிக்கிடுவேன்’ என்ற இரண்டு சொற்களில் அது போயிருக்கலாம்.

இப்படிக் காணாமல் போகும் மதிப்பெண்ணைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1980-லேயே பேசியிருக்கிறது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கையை எதிர்த்து நடந்த அஜய் ஹாசியா வழக்கு அது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்முகத்துக்கு 50. ஒரு மாணவருக்கு ஒதுக்கப்பட்டது 2 அல்லது 3 நிமிடம். அதிலும் பெற்றோர் யார், இருப்பிடம் எது என்ற கேள்விகளே பெரும்பாலும் கேட்கப்பட்டன என்று மாணவர்கள் முறையிட்டார்கள். மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்முகத்துக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது நீதிமன்றம். நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அந்த வழக்கு கல்லூரிச் சேர்க்கை பற்றியது; தனியார் நிறுவனத்தின் வேலைத் தேர்வை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அது சுட்டிய கோளாறு இங்கும் அதேதான். நேரம் குறைவாக இருந்து, எதற்கு மதிப்பெண் என்ற வரையறையும் இல்லாதபோது, கேட்பவரின் முதல் மனப்பதிவே மதிப்பெண்ணாகிவிடுகிறது.

பேச்சின் சாயலும் பேச்சு புரிவதும் ஒன்றல்ல என்பதைக் கனடாவில் மன்ரோ, டெர்விங் என்ற இரு ஆய்வாளர்கள் 1995-ல் காட்டினார்கள். சீன மொழி பேசுவோரின் ஆங்கிலப் பேச்சை ஆங்கிலத் தாய்மொழியினரிடம் ஒலிக்கவிட்டார்கள். கேட்டதைச் சொல்லுக்குச் சொல் எழுதச் சொன்னார்கள். பிறகு புரிந்துகொள்வது எவ்வளவு எளிதாக இருந்தது, வேற்றுச் சாயல் எவ்வளவு இருந்தது என்று தனித்தனியே மதிப்பிடச் சொன்னார்கள். சாயல் மிகக் கடுமை என்று குறித்த பேச்சைக்கூட, கேட்டவர்கள் பல இடங்களில் ஒரு சொல் பிசகாமல் எழுதியிருந்தார்கள். அதாவது பேச்சு முழுக்கப் புரிந்திருந்தது. காதுக்குத்தான் அது பழகாததாக இருந்தது.

இன்னொரு சோதனை இதைவிடச் சங்கடமானது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் டொனால்டு ரூபின் ஒரே விரிவுரைப் பதிவை இரு மாணவர் குழுக்களுக்கு ஒலிக்கவிட்டார். பேசியவர் அமெரிக்கர். ஒரு குழுவுக்கு வெள்ளையினப் பெண்ணின் படம் காட்டப்பட்டது. மற்றதற்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் பதிவில் இல்லாத அந்நியச் சாயலைக் கேட்டதாகச் சொன்னார்கள். விரிவுரையைப் புரிந்துகொண்டதும் குறைந்தது. 1992-ல் வெளியான ஆய்வு இது. விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டுப் பேச்சைக் கேட்கும் தேர்வாளரின் காது மட்டும் விதிவிலக்காக இருக்கும் என்று நம்ப இடமில்லை.

அப்படியானால் உச்சரிப்பைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாதா? எடுக்க வேண்டிய இடம் உண்டு. ஆங்கிலத்திலும் பேச வேண்டிய வேலை என்றால் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பது பில் தொகையையே மாற்றிவிடும். ஆனால் ‘ஃபைல்’ என்பது ‘பைல்’ என்று ஒலித்தால், கணினி பற்றிய பேச்சில் யாரும் குழம்பப்போவதில்லை. முன்னது வேலையைக் கெடுக்கும் பிழை, பின்னது வெறும் சாயல். இரண்டையும் பிரிக்க எளிய வழி, கேட்டவர் “என்ன சொன்னீர்கள்?” என்று உண்மையாகவே திரும்பக் கேட்க வேண்டியிருந்த இடங்களை மட்டும் எண்ணுவது. அப்படிக் கேட்டபோது, ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி விளங்கவைத்தாரென்றால் அதுவே தொடர்புத்திறன். அதற்கு மதிப்பெண் கூட வேண்டும்.

அச்சன்புதூர் பட்டதாரியின் பதிலை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். ‘கம்யூனிகேஷன் 20’ என்ற ஒற்றைக் கட்டத்தை நான்காக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண் தருவோம். செய்தி முழுமையாக வந்ததா, வரிசையாக வந்ததா, எதிராளியின் நிலைக்கு ஏற்ப அமைந்ததா, புரியாத இடத்தைச் சரிசெய்தாரா என்பவை அந்த நான்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அவர் சொன்னதிலிருந்து ஒரு வரியைச் சான்றாக எழுத வேண்டும். பெயரும் ஆர்டர் நம்பரும் கேட்டார், மெயிலைச் சரிபார்த்தார்: 5. வரிசை பிசகவில்லை: 5. லைனில் வைத்தே முடிக்கிறார், ஆனால் கோபத்துக்கு முதலில் ஒரு வருத்தம் தெரிவிக்கவில்லை: 3. சரியான மெயிலை வாடிக்கையாளர் வாயாலேயே சொல்ல வைக்கிறார்: 4. மொத்தம் 17. இதில் பிடித்த மதிப்பெண்ணுக்கும் காரணம் இருக்கிறது. வருத்தம் தெரிவிப்பதை ஒரே வாரப் பயிற்சியில் கற்றுக்கொடுத்துவிடலாம். முன்பு 9 போட்டவரால் ‘அவிய’ என்பதை இந்த நான்கில் எதன் பக்கத்தில் எழுத முடியும்?

தாளை மாற்றினால் மட்டும் போதாது, செயல்முறையும் மாற வேண்டும். குழுவில் ஒவ்வொருவரும் தனியே மதிப்பெண் எழுதி முடித்த பிறகே பேசிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மூத்தவரின் முகக்குறிப்பே மற்றவர்களின் மதிப்பெண் ஆகிவிடும். இரு மதிப்பெண்களுக்கு இடையே 4-க்கு மேல் வித்தியாசம் வந்தால், வேறு வட்டாரத்துக்காரர் ஒருவர், ஊரும் பெயரும் தெரியாமல், ஒலிப்பதிவைக் கேட்டு மதிப்பிடலாம். அவருக்கும் பழக்கமில்லாத சாயலாக இருந்தால் பதிலை எழுத்தில் பெயர்த்து, வட்டாரச் சொற்களைப் பொதுத்தமிழாக்கித் தரலாம். எழுத்தில் 17 வாங்கும் பதில் ஒலியில் 9 வாங்கினால், இடைவெளி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

மொழித் தேர்வு பற்றிய கேள்வி இதற்கும் முன்னாலேயே வருகிறது. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் 2011-ல் புகுத்தப்பட்ட திறனறித் தாளின் பாடத்திட்டத்தில் ‘தொடர்புத்திறன்’ ஒரு தலைப்பு. ஆங்கிலப் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வது தனித் தலைப்பு. இந்திய மொழிகளில் படித்த மாணவர்களின் போராட்டத்துக்குப் பிறகு 2014-ல் அந்த ஆங்கிலக் கேள்விகளின் மதிப்பெண் தகுதிக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. 2015-ல் அந்தத் தாளே 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்ற தகுதித் தாளானது. வாடிக்கையாளர்கள் தமிழில் பேசும் வேலைக்கு ஆங்கிலத்தில் நேர்முகம் நடத்தும் நிறுவனம் அதே குழப்பத்தைத் தன் அறையில் வைத்திருக்கிறது. வேலை எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழியில் கேட்க வேண்டும். இரண்டு மொழியிலும் நடந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. பத்துப் பேரை எடுக்கும் தேர்வில் வட்டார வாரியாகச் சராசரி பார்த்துச் சார்பு இருக்கிறதா என்று சொல்ல முடியாது, எண்ணிக்கை போதாது. நூறு இருநூறு பேர் வரும் நிறுவனம் ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கலாம். எழுத்துத் தேர்வில் சமமாக நிற்கும் தென்காசி, சென்னை, கோவை விண்ணப்பதாரர்கள் இந்த ஒரு கட்டத்தில் மட்டும் தொடர்ந்து விலகி நின்றால், அடுத்த தேர்வுக்கு முன் பழைய தாள்களை எடுத்து, சான்று வரி எழுதப்படாத மதிப்பெண்கள் எத்தனை என்று எண்ணுவதுதான் முதல் வேலை.