லேபிளில் 300, லேபில் 354... இரண்டுமே சரியாம்!

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் உறைய வைத்த பாஸ்தா டப்பா ஒன்றை எடுத்துக்கொள்வோம். (கம்பெனி பெயரெல்லாம் வேண்டாம், கணக்குக்காகச் செய்துகொண்ட கற்பனை டப்பா.) எடை 250 கிராம். பின்பக்கக் கட்டத்தில் புரதம் 15 கிராம், மாவுச்சத்து 45 கிராம், கொழுப்பு 7 கிராம், கலோரி 300 என்று போட்டிருக்கிறது. அதே டப்பாவை ஒரு ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தால் 354 கலோரி வருகிறது. ஏமாற்று வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அமெரிக்கச் சட்டப்படி அந்த லேபிளில் ஒரு தப்பும் இல்லை.

முதலில் அந்த 300 எங்கிருந்து வந்தது? யாரும் அந்தப் பாஸ்தாவை எரித்துப் பார்த்து எழுதியதில்லை. ஒரு கிராம் புரதத்துக்கு 4, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று பெருக்கிக் கூட்டுவதுதான் வழக்கமான முறை. 60ம் 180ம் 63ம் சேர்ந்து 303. ஐம்பது கலோரிக்கு மேல் போனால் பக்கத்துப் பத்துக்கு முழுமையாக்க வேண்டும் என்பது அங்கே விதி, அதனால் 300. அந்த 15, 45, 7 என்ற எண்களையாவது லேபில் அளந்தார்களா என்றால், அதுவும் கட்டாயமில்லை. எந்த வழியில் கண்டுபிடிப்பது என்பது கம்பெனியின் விருப்பம். பாஸ்தா இத்தனை கிராம், சீஸ் இத்தனை கிராம் என்று பட்டியல் போட்டு, தரவுத்தொகுப்பில் இருக்கும் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம். உணவு மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) இந்தக் கட்டத்தை முன்கூட்டியே பார்த்து முத்திரை குத்துவதும் இல்லை. எண் தப்பாகப் போனால் பொறுப்பு கம்பெனியுடையது, அவ்வளவுதான்.

எஃப்டிஏ சோதிக்க வந்தால் ஒரே ஒரு டப்பாவைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரே தொகுதியைச் சேர்ந்த பன்னிரண்டு பெட்டிகளிலிருந்து பெட்டிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு டப்பாக்களை எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து சோதிக்கிறார்கள். ஒரு டப்பாவில் சீஸ் கூடுதலாக விழுந்திருக்கலாம், அதற்காகக் கம்பெனியைத் தண்டிக்கக் கூடாதே. அந்தக் கலவையில் கலோரி, கொழுப்பு, உப்பிலிருக்கும் சோடியம் போன்றவை லேபிளில் சொன்னதைவிட 20 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால்தான் அது தவறான லேபிள். 300க்கு 20 சதவீதம் 60. ஆக 360 வரை பிரச்சினை இல்லை. 354 வசதியாக உள்ளே உட்கார்ந்துகொள்கிறது.

இந்த 20 சதவீதத்தைக் கேட்டதுமே பலருக்குக் கோபம் வருகிறது. உண்மையில் இந்தச் சலுகை ஓரளவு நியாயமானதுதான். கோதுமையின் புரதம் நிலத்துக்கு நிலம் மாறும், பாலின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் மாறும், உருளைக்கிழங்கின் ஈரப்பதம் கிடங்கில் இருக்கும்போதே மாறும். அளக்கும் முறையிலும் பிசகு உண்டு. புரதத்தை எந்த லேபும் நேரடியாக எடை போடுவதில்லை. நைட்ரஜனை அளந்து அதை 6.25ஆல் பெருக்குகிறார்கள். மாவுச்சத்து கதை இன்னும் வேடிக்கை. உணவின் எடையிலிருந்து ஈரம், சாம்பல், புரதம், கொழுப்பு நான்கையும் கழித்தால் மிஞ்சுவதுதான் மாவுச்சத்து! மற்ற நான்கில் எங்கே பிசகினாலும் அந்தப் பாவம் கடைசியில் மாவுச்சத்தின் தலையில்தான் விடியும். இப்படிப்பட்ட ஒரு எண்ணைத் துல்லியமாக இருக்க வேண்டும் என்று யாராலும் கேட்க முடியாது.

அப்படியானால் எதைத்தான் குறை சொல்வது? சலுகையின் அளவை அல்ல, அதன் திசையை.

சட்டம் இரண்டு விதமான பயங்களை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. கலோரி, கொழுப்பு, சோடியம் எல்லாம் கெட்டவை, சொன்னதைவிட அதிகமாக இருக்கக் கூடாது என்பது ஒரு பயம். வைட்டமின், புரதம், நார்ச்சத்து எல்லாம் நல்லவை, சொன்னதைவிடக் குறைந்துவிடக் கூடாது என்பது இன்னொன்று. இந்த இரண்டாம் கூட்டத்தில் இயற்கையாகவே உணவில் இருப்பவை, சொன்ன அளவில் 80 சதவீதமாவது இருந்தாக வேண்டும். அதிகமாக இருந்தால்? நல்ல உற்பத்தி முறைக்குள் நியாயமான அளவு அதிகம் என்றால் பரவாயில்லை என்கிறது விதி. நியாயமான அளவு என்பது எத்தனை சதவீதம் என்று எண் எதுவும் இல்லை.

மொத்த மாவுச்சத்து எந்தக் கூட்டத்தில் இருக்கிறது தெரியுமா? இந்த நல்லவர்கள் கூட்டத்தில்! அதாவது அதற்குத் தரை உண்டு, எண்ணோடு கூடிய கூரை இல்லை. கலோரிக்கு இருக்கும் 20 சதவீதக் கூரைதான் அதைச் சுற்றி வளைத்துக் கொஞ்சம் கட்டிப்போடுகிறது.

நம் டப்பாவுக்குத் திரும்புவோம். தொழிற்சாலையில் பாஸ்தா கொட்டும் இயந்திரம் கொஞ்சம் தாராளம், தண்ணீரான தக்காளி சாஸ் கொஞ்சம் கஞ்சம். லேபில் வந்தது புரதம் 16 கிராம், மாவுச்சத்து 54 கிராம், கொழுப்பு 8.2 கிராம். கொழுப்பின் எல்லை 8.4, தப்பித்தது. புரதம் குறையவில்லை, தப்பித்தது. மாவுச்சத்து சரியாக 20 சதவீதம் கூடுதல், ஆனால் அதற்கு எண்ணால் ஆன கூரையே கிடையாது. கூட்டிப் பார்த்தால் 64, 216, 74... மொத்தம் 354. எல்லாம் சரி!

உடம்பு இளைக்க நினைப்பவருக்கு இது எரிச்சல். முதல் வகைச் சர்க்கரை நோயாளிக்கு இது ஊசி. சாப்பாட்டுக்கு முன் மாவுச்சத்தைக் கணக்குப் போட்டு இன்சுலின் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பத்து கிராமுக்கு ஒரு யூனிட் என்று ஒருவருக்கு மருத்துவர் சொல்லியிருந்தால், லேபிளை நம்பி அவர் போட்டுக்கொள்வது நாலரை யூனிட், அவருக்குத் தேவைப்படுவது 5.4. ஒரு வேளையில் இது பெரிய ஆபத்து இல்லைதான். தினமும் அதே டப்பாவைச் சாப்பிட்டுவிட்டு, தினமும் சர்க்கரை ஏன் கூடுதலாக நிற்கிறது என்று தன் கணக்கையும் தன் உடம்பையும் சந்தேகப்படுவாரே, அதுதான் கொடுமை. அவர் லேபிளைச் சந்தேகப்பட மாட்டார். அது அச்சில் இருக்கிறதே!

இதில் எடை விவகாரம் வேறு. 250 கிராம் என்று போட்டுவிட்டு 245 இருந்தால் எடைச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியே நிரப்புகின்றன. வாங்குபவருக்கு லாபம்தானே என்று தோன்றும். ஆனால் டப்பாவில் 265 கிராம் இருந்தால், 250 கிராமுக்கு 354 என்ற கணக்குப்படி தட்டைக் காலி செய்தவருக்கு 375 கலோரி. லேபிளுக்கும் வயிற்றுக்கும் வித்தியாசம் 25 சதவீதம்! இதைப் பிடிக்க வீட்டில் ஒரு சமையலறைத் தராசு போதும். வேண்டியதெல்லாம் மூடியைப் பிரித்த பிறகு ஒரு முறை எடை போடும் பொறுமை.

இதெல்லாம் வெறும் காகிதக் கணக்கா? 2010ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சூப்பர் மார்க்கெட்டில் பத்து உறைந்த உணவுகளை வாங்கி அளந்தார்கள். சராசரியாக 8 சதவீதம் கூடுதல் ஆற்றல் இருந்தது. 2013ல் வந்த இன்னொரு ஆய்வு இருபத்து நான்கு நொறுக்குத் தீனிகளைப் பார்த்தது. டப்பாவில் உண்மையாக இருந்த எடையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது சராசரியாக 4.3 சதவீதம் கூடுதல். அளவு சின்னதுதான், சட்டத்தின் எல்லைக்குள் நன்றாகவே அடங்கியதுதான். ஆனால் பிசகு மேலும் கீழுமாக இருந்தால் ஒரு நாள் சாப்பாட்டில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு ஆய்விலும் சராசரி மேல்பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. ஒரே பக்கம் சாயும் தராசு ரூபாய்க்கு ஒரு பைசாதான் ஏமாற்றும், ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஏமாற்றும்.

லேபிளில் 0 என்று போடுவதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரு பரிமாறலில் 5 கலோரிக்குக் கீழ் இருந்தால் அங்கே 0 என்று எழுதலாம். வாணலியில் அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேக்களில் கால் விநாடி அழுத்தினால் கால் கிராம்தான் ஒரு பரிமாறல் என்று போட்டிருப்பார்கள். அதில் இரண்டேகால் கலோரி, ஆகவே 0. உள்ளே இருப்பதோ எண்ணெய். கால் விநாடியில் விரலை எடுக்கும் சமையல்காரரை யாராவது பார்த்ததுண்டா?

எதிர்ப்பக்கமாகவும் ஒரு கதை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 4, 9, 4 என்ற எண்களின் மூலவர் வில்பர் அட்வாட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உணவை எரித்துப் பார்த்து, உடம்பில் சேராமல் வெளியே போவதைக் கழித்து அவர் கண்டவை. எல்லா உணவுக்கும் பொதுவான சராசரி அது. பாதாம் பருப்பு அந்தச் சராசரிக்கு அடங்குவதில்லை. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்ட ஆய்வில், பதினெட்டுப் பேருக்குப் பாதாம் இல்லாமலும், தினம் 42 கிராம் பாதாமோடும், 84 கிராம் பாதாமோடும் பதினெட்டுப் பதினெட்டு நாள் சாப்பாடு போட்டு, வெளியேறிய கழிவையெல்லாம் சேகரித்து எரித்துப் பார்த்தார்கள். (விஞ்ஞானிகளின் பொறுமைக்கு ஒரு வணக்கம்!) ஒரு கைப்பிடி, அதாவது 28 கிராம் பாதாமிலிருந்து உடம்புக்குக் கிடைத்தது 129 கலோரி. பெருக்கல் கணக்குப்படி 170ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். பாதாமின் கொழுப்பு செல் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. பல்லுக்குத் தப்பிய துண்டுகளில் இருக்கும் எண்ணெய் அப்படியே வெளியேறிவிடுகிறது. அதே பாதாமை நைசாக அரைத்து வெண்ணெயாக்கிவிட்டால் சுவர் உடைந்து ஏறக்குறைய முழுக் கலோரியும் வந்துவிடுகிறது.

லேபிளில் கலோரி கூடுதலாகப் போட்டுவிட்டு உள்ளே குறைவாக இருந்தால் சட்டம் கண்டுகொள்வதில்லை. பாதாம் விற்பவர்தான் அதில் நஷ்டப்படுகிறார். கூடுதலாக இருந்துவிட்டு 20 சதவீதத்துக்குள் ஒளிந்துகொள்ளும் பாஸ்தாக்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் அல்ல. ஒரு தொகுதிக்கு 20 சதவீதம் என்பதை அப்படியே வைத்துக்கொள்ளட்டும், இயற்கையோடு சண்டை போட முடியாது. ஆனால் ஒரே பண்டத்தின் பல தொகுதிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது சராசரி லேபிள் எண்ணை ஒட்டித்தான் நிற்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்கு மேல் ஒரே பக்கம் சாய்ந்தால் எண்ணை மாற்றி அச்சடிக்க வேண்டும் என்று ஒரு விதி சேர்க்கலாம். மொத்த மாவுச்சத்துக்கும் எண்ணால் ஒரு கூரை போடலாம். கம்பெனிக்குச் செலவு, ஒரு சோதனையும் ஒரு புது அட்டையும். நம் டப்பாவில் 300 என்பதை அழித்துவிட்டு 350 என்று எழுதினால் விற்பனை கொஞ்சம் குறையும்தான், ஆனால் சர்க்கரை நோயாளி சரியான அளவு ஊசி போட்டுக்கொள்வார்.