அதிகாலை 4 மணிக்கே எழுபவரா? இடியாப்பத் தொழிலில் லாபம் எங்கே, நஷ்டம் எங்கே?

விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, காலை 10 மணிக்கு வேறு வேலைக்குப் போக வேண்டியவர் என்ன தொழில் செய்யலாம்? இட்லி மாவு, பூ, கீரை, காய்கறி என்று பல பதில்கள் வரும். மாவு பெரும்பாலும் மாலையில் விற்பது. அதற்கு இரவிலும் வேலை இருக்கிறது. அந்த ஆறு மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கி முடிந்துவிடும் தொழில் என்றால், அது இடியாப்பம்.

சென்னைத் தெருக்களில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் இடியாப்ப சைக்கிளை எல்லோரும் பார்த்திருப்போம். வீட்டில் செய்யத் தெரிந்தவர்கள்கூட அவரிடம் வாங்குவார்கள். பிழிவது கைவலி பிடித்த வேலை என்பதுதான் காரணம். "காலைல யாரு பிழிஞ்சுட்டு நிக்கிறது" என்ற அந்த அலுப்புதான் இங்கே சந்தை.

முதல் கட்டத்தில் மாவை நீங்களே தயாரிக்க வேண்டாம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அரைத்து, வறுப்பது தனி உழைப்பு. கடையில் வறுத்த இடியாப்ப மாவாக வாங்குங்கள். ஆனால், ஒரே மாவையே தொடர்ந்து வாங்குங்கள். ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு அளவு தண்ணீர் இழுக்கும். மாற்றினால் மறுநாள் பதம் தவறும்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். உப்பும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் சேர்த்து, மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளற வேண்டும். பிழியும்போது இழை துண்டு துண்டாக அறுந்தால் தண்ணீர் சூடு போதவில்லை, அல்லது அளவு குறைவு. வெந்தபின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் களி மாதிரி ஆனால் தண்ணீர் அதிகம். மொத்த மாவையும் ஒரேயடியாகப் பிசைய வேண்டாம். ஆறினால் இறுகிவிடும், அச்சில் இறங்காது. அரை கிலோ அரை கிலோவாகப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள்.

வேகவைக்க ஏழெட்டு நிமிடம் போதும். மூடியின் உட்புறம் ஒரு துணி கட்டினால் ஆவிநீர் சொட்டாது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் சறுக்குவது அடுத்த இடத்தில்: சூட்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் அடைப்பது. உள்ளே வியர்த்து, வாடிக்கையாளர் திறக்கும்போது கட்டியாக இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் ஆவி போகவிட்டு, வாழையிலை விரித்த பாத்திரத்தில் அடுக்கித் துணியால் மூடுவதே நல்லது.

இனி கணக்கு. விலைகள் ஊருக்கு ஊர் மாறும். இது ஓர் உதாரணம் மட்டுமே. 2 கிலோ மாவில் சுமார் 120 இடியாப்பம் வரும். ஒன்று 7 ரூபாய் என்றால் 840 ரூபாய். மாவு 160, கேஸ் 60, இரண்டு தேங்காய் 80, சர்க்கரை, பேக்கிங், பெட்ரோல் 100. மொத்தச் செலவு 400, மிச்சம் 440. இதில் 30 இடியாப்பம் மீந்தால் 210 ரூபாய் போச்சு. அதாவது, சரக்கில் கால்வாசி நின்றாலே லாபம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். மீந்ததை மாலையில் விற்கவும் முடியாது. ஆற ஆற அரிசி மாவு விறைத்துவிடும்.

அதனால், முதல்நாள் இரவு 9 மணிக்குள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, அந்த அளவுக்கு மட்டும் பிழிவதே புத்திசாலித்தனம். தெருத்தெருவாகச் சுற்றி விற்பது அனுபவசாலிகளின் வேலை. எந்தத் தெருவில் எத்தனை போகும் என்று அவர்களுக்குத் தெரியும். புதியவருக்கு இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளே போதும். தேங்காய்ப்பாலை இப்போதைக்குத் தவிர்க்கலாம் என்பதும் நம் கட்சி. வெயில் ஏறினால் சீக்கிரம் கெட்டுவிடும், புகாரும் அதில்தான் வரும். துருவிய தேங்காயும் சர்க்கரையும் கொடுத்தால் போதும்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவை விற்பனைக்கு முன்பே முடித்துவிடுங்கள். வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது; வணிக சிலிண்டர்தான்.

ஒருவர் மர அச்சில் கையால் பிழிந்தால் 6.30 மணிக்குள் 120, மிஞ்சிப்போனால் 150 முடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை 200 கேட்பார்கள். உதவிக்கு ஆள் வைத்தால் 440 ரூபாயில் அவர் சம்பளத்துக்கு இடமில்லை. அன்றைக்கு மட்டும், "சாரி, ஆர்டர் முடிஞ்சிடுச்சு" என்று குரூப்பில் போட்டுவிடுவதே லாபம்.