நாற்பது என்பது யாருக்கு இயல்பு?

ரத்த வாயுப் பரிசோதனைத் தாளில் கார்பன் டை ஆக்சைடு 40 என்று இருந்தால் நிம்மதி அடைகிறோம். கடும் நீரிழிவுக் கீட்டோ அமிலத்தன்மையில் மூச்சிரைக்கும் நோயாளிக்கு அந்த 40 ஆபத்தான எண் என்பதே என் வாதம். கணக்கைப் போட்டாலே தெரியும்.

pH = 6.1 + log [HCO₃⁻ ÷ (0.03 × PCO₂)]

ஆரோக்கியமானவருக்குப் பைகார்பனேட் 24, 40-ஐ 0.03-ஆல் பெருக்கினால் 1.2. விகிதம் 20, அதன் மடக்கை 1.3, ஆகவே pH 7.4. நம் நோயாளிக்கோ கீட்டோ அமிலங்கள் பைகார்பனேட்டை 10-க்கு இறக்கிவிட்டன. அவர் ஆழ்ந்து, வேகமாக மூச்சுவிட்டு வாயுவை 23-க்குக் குறைத்திருக்கிறார். 10-ஐ 0.69-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14.5, pH 7.26. இப்போது அவருக்கு மயக்க மருந்து கொடுத்து, வென்டிலேட்டரை வழக்கமான வேகத்தில் வைத்தால் வாயு 40-க்கு ஏறும். விகிதம் 8.3-க்குச் சரியும், pH 7.02 ஆகும். பைகார்பனேட் அதே 10தான். நாம் பறித்தது அவருடைய மூச்சை மட்டுமே. அதனால் குழாய் செருகுமுன் பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டிப் பாருங்கள்: 23 வரும். இரண்டு கூடலாம், குறையலாம். இயந்திரம் எட்ட வேண்டிய இலக்கு அதுதான். நோயாளியின் வாயு ஏற்கெனவே அதைவிடத் தெளிவாக மேலே இருந்தால், அவர் சோர்ந்துவருகிறார் அல்லது நுரையீரலிலும் கோளாறு இருக்கிறது.