முதலில் தோராயம், பிறகு விடை

பெங்களூரு பிரேசர் டவுனில் வாழும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், தில்லியில் பயிலும் தம் பேத்திக்கு மடல் எழுதினார். வகுப்பு மாணவர் 38 பேருக்கு, ஒன்று 19 ரூபாய் 50 காசு வீதம் குறிப்பேடு வாங்க 7,410 ரூபாய் வேண்டும் என்று அவள் கணிப்பானில் கணக்கிட்டிருந்தாள். மறுநாள் அத்தொகையை வகுப்பில் திரட்டவும் இருந்தாள்.

"கண்ணம்மா, விடையைப் பார்க்கும் முன்பே குத்துமதிப்பாக ஓர் எண்ணை எழுதிவை. பார்த்த பின் மதிப்பிட்டால் மனம் அந்த விடையையே நாடும். 38ஐ 40 எனவும், 19.50ஐ 20 எனவும் கொள். பெருக்கினால் 800. இரண்டு எண்களையும் சற்று உயர்த்தியதால், சரியான விடை 800க்குக் குறைவாகவே இருக்கும். உன் விடையோ அதைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல்! புள்ளியை விட்டு 195 என அழுத்தியிருப்பாய்" என்று அவர் விளக்கினார்.

தோராயம் எல்லாப் பிழைகளையும் காட்டாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. சரியான விடையாகிய 741ஐ 714 என மாற்றி எழுதினால், அதுவும் 800க்கு அருகில் இருப்பதால் ஐயம் எழாது. அதற்கு இரண்டாம் வழி ஒன்று வேண்டும். 38ஐ 20ஆல் பெருக்கினால் 760. குறிப்பேடு ஒன்றுக்கு 50 காசு கூடுதலாகக் கொண்டதால், 38 குறிப்பேடுகளுக்கு 19 ரூபாயைக் கழிக்க வேண்டும். மீதி 741.

கணிப்பான், அழுத்திய எண்ணைப் பெருக்கும். அழுத்த நினைத்த எண்ணை அறியாது. ஆகவே அதைத் தொடும் முன் தாளில் ஒரு வரி எழுத வேண்டும் என்பதே அவர் கருத்து.