குரல் தட்டையானால் கூட்டம் கலையுமா?

மேடையில் பேசுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. கூட்டம் நெளிவது கண்ணுக்குத் தெரியும். யூடியூபில் பேசுகிறவருக்கு அது தெரியாது. வீடியோ போட்ட மறுநாள் ஒரு கோடுதான் தெரியும். இடதுபக்கம் உயரத்தில் தொடங்கி, வலதுபக்கம் சரிந்துகொண்டே போகும் கோடு. எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அது காட்டும்.

அந்தக் கோட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார் ராஜபாளையம் பக்கத்துச் செட்டியார்பட்டி வாசகி ஒருவர். தளவாய்புரம், செட்டியார்பட்டி வட்டாரம் நைட்டி தையலுக்குப் பேர் போனது. இவரும் நைட்டி தைப்பவர்தான். தைக்கக் கற்றுக்கொடுத்து வீடியோ போடுகிறார், அதைப் பார்ப்பவர்களிடமிருந்து ஆர்டரும் வருகிறது. "என் பேச்சு ஒரே மாதிரி இழுவையா இருக்குன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க சார். மத்த சேனல் மாதிரி சத்தமாப் பேசிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கல. குரல்தான் காரணம்னா வீடியோவ நிறுத்திடறேன். அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்று எழுதியிருந்தார்.

ஒரு பிழைப்பு இந்தக் கேள்வியில் தொங்குகிறது. அபிப்பிராயம் சொல்வதைவிட அளந்து பார்ப்பதே நியாயம். அவருடைய பத்து நிமிட வீடியோ ஒன்றின் ஒலியை வாங்கி அளந்தோம். அந்த முறையை நீங்களும் செய்யலாம். போன் போதாது, ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் போயர்ஸ்மா, டேவிட் வீனிங்க் இருவரும் எழுதிய Praat என்ற இலவச மென்பொருள் வேண்டும். மொழியியல் படிப்பவர்கள் பலர் பயன்படுத்துவது அதைத்தான்.

முதலில் அளக்க வேண்டியது சுருதி. நாம் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றனவோ அதுதான் சுருதி. ஆண்களுக்குச் சுமார் 100, 120 என்றும், பெண்களுக்குச் சுமார் 200 என்றும் இருக்கும். ஆனால் எண்ணிக்கையை அப்படியே எடுத்து ஒப்பிடக் கூடாது. 100-லிருந்து 120-க்கு ஏறும் ஆண் குரலும், 200-லிருந்து 240-க்கு ஏறும் பெண் குரலும் காதுக்கு ஒரே அளவு ஏற்றம்தான். அதனால் சங்கீதக்காரர்களின் கணக்குக்கு வர வேண்டும். ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்கள் உண்டல்லவா? அந்த ஒவ்வொன்றையும் ஒரு படி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன இரண்டு ஏற்றமும் சுமார் மூன்று படி. Praat-இல் semitones என்று தேர்ந்தெடுத்தால் அதுவே இந்தக் கணக்கில் தந்துவிடும்.

வீடியோவை 30 நொடித் துண்டுகளாகப் பிரித்தோம். ஒவ்வொரு துண்டிலும் மிக உயர்ந்த பத்து சதவீதத்தையும் மிகத் தாழ்ந்த பத்து சதவீதத்தையும் தள்ளிவிட்டு, நடுவில் குரல் எத்தனை படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தோம். ஓரங்களைத் தள்ளுவதற்குக் காரணம் இருக்கிறது. மென்பொருள் சில சமயம் ஏமாந்து, 200 அதிர்வை 100 என்றோ 400 என்றோ எழுதிவிடும். அப்படி நாலு பிழை விழுந்தால்கூட, தட்டையான பேச்சு துள்ளலான பேச்சு போலத் தெரியும்.

இரண்டாவது அளவு ஆற்றல், அதாவது குரலின் பலம். இது டெசிபெல்லில் வரும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மைக்கிலிருந்து தூரம் இருமடங்கானால் சுமார் 6 டெசிபெல் குறைந்துவிடும். ஆள் சோர்ந்ததாலா, முகத்தைத் திருப்பியதாலா என்று எண் சொல்லாது. போதாததற்கு, பல போன்கள் மெல்லிய குரலைத் தாமாகவே தூக்கிவிடும். ஆகவே ஒரே வீடியோவுக்குள், அவருடைய வழக்கமான அளவோடு மட்டும் ஒப்பிட வேண்டும். பின்னணி இசை சேர்த்த வீடியோ வேண்டவே வேண்டாம், சேர்ப்பதற்கு முந்தைய பதிவுதான் வேண்டும். இல்லையென்றால் நாம் அளப்பது வயலினாக இருக்கும்.

மூன்றாவது, அந்தச் சரிவுக் கோடு. இங்கேதான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். கோடு எப்படியும் இறங்கத்தான் செய்யும். கடைசியில் ஆள் குறைவு என்பதால் கடைசிப் பேச்சு மோசம் என்றாகாது. பார்க்க வேண்டியது, அந்தத் துண்டு தொடங்கும்போது இருந்தவர்களில் எத்தனை பங்கு அதற்குள் போய்விட்டார்கள் என்பதை. நம் வாசகியின் வீடியோவில் ஓரிடத்தில் 48 சதவீதம் 42 ஆகிறது. இன்னோரிடத்தில் 32 சதவீதம் 27 ஆகிறது. முதலாவது ஆறு குறைந்தது, இரண்டாவது ஐந்துதான் குறைந்தது. ஆனால் முதல் இடத்தில் எட்டில் ஒருவர் போனார், இரண்டாவது இடத்தில் கிட்டத்தட்ட ஆறில் ஒருவர் போனார். பெரிய இழப்பு இரண்டாவதுதான். சாதாரணமாக அவருடைய ஒரு துண்டில் நூற்றுக்கு மூன்று பேர்தான் போகிறார்கள்.

முதல் அரை நிமிடத்தையும் கடைசி அரை நிமிடத்தையும் கணக்கில் சேர்க்கவில்லை. தெரியாமல் தொட்டவர்கள் தொடக்கத்தில் போவார்கள், முடிந்தது என்று தெரிந்தவர்கள் கடைசியில் போவார்கள். அதற்கும் குரலுக்கும் சம்பந்தமில்லை. மிச்சம் 18 துண்டுகள்.

அவருடைய குரல் பொதுவாக ஏழு படி ஏறி இறங்குகிறது. மிகத் தட்டையான ஐந்து துண்டுகளைக் குறித்தோம். ஆட்கள் அதிகம் போன ஐந்து துண்டுகளையும் குறித்தோம். இரண்டு பட்டியலிலும் இருந்தவை மூன்று. "பார்த்தீங்களா, குரல்தான்!" என்று இங்கேயே தீர்ப்பு எழுதிவிடத் தோன்றும். அவசரம் வேண்டாம். 18 சீட்டுகளில் கண்ணை மூடி ஐந்து எடுங்கள். வைத்துவிட்டு மறுபடி ஐந்து எடுங்கள். மூன்றோ அதற்கு மேலோ ஒத்துப்போவது பத்து தடவையில் ஒரு தடவை சும்மாவே நடக்கும். ஒரு குடும்பத்தின் வருமானத்தை முடிவு செய்ய அது போதாது. அதனால் ஒவ்வோர் இடமாகப் போட்டுக் கேட்டோம்.

மூன்றாவது நிமிடம். தோள், மார்பு, உயரம் என்று அளவுகளை வரிசையாக வாசிக்கிறார். குரல் மூன்று படிக்குள் அடங்கிவிட்டது. அதற்கு முந்தைய அரை நிமிடமும் தட்டை. ஆட்கள் சட்டென்று போவதில்லை, கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். போனவர்கள் திரும்பவும் இல்லை. இந்த இடத்தில் குரலைச் சந்தேகிக்கலாம்.

நாலாவது நிமிடம். ஏற்ற இறக்கம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஆட்கள் போகிறார்கள். ஆற்றலைப் பார்த்தால் விழுந்து கிடக்கிறது. தரையில் குனிந்து துணி வெட்டுகிறார், பேச்சு சரியாகக் கேட்கவில்லை. சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று தீர்த்துவைக்கும் விஷயம் இது.

ஐந்தாவது நிமிடம். இதுதான் வேடிக்கை. தட்டை என்று மென்பொருள் சொன்ன குரல் அவருடையதே இல்லை, தையல் மெஷின் மோட்டாரின் இரைச்சல்! அவர் அங்கே இரண்டு வார்த்தைதான் பேசுகிறார். கோடும் பள்ளத்தில் விழுந்து, உடனே பழைய உயரத்துக்கு வருகிறது. அப்படி ஏறினால் ஆட்கள் போகவில்லை, தள்ளிவிட்டுப் பார்த்தார்கள் என்று அர்த்தம். நீளத் தையலை முழுதும் காட்டத் தேவையில்லை.

ஏழரையிலிருந்து எட்டரை வரை இரண்டு துண்டுகள். தைத்து முடித்த நைட்டியை ஏழரையில் விரித்துக் காட்டிவிட்டார். வந்த வேலை முடிந்தது, கிளம்பிவிட்டார்கள். எட்டாவது நிமிடத்தில் குரலும் சோர்ந்திருந்தது உண்மை. ஆனால் துள்ளிப் பேசியிருந்தாலும் போயிருப்பார்கள். ஆர்டர் எடுக்கும் விவரத்தை நைட்டியைக் காட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுவது நல்லது.

இதையெல்லாம்விட முக்கியமானது ஆறரையாவது நிமிடம். ஜிப் வைக்கும் இடம். குரல் தட்டை, சத்தமும் குறைவு. ஊசியில் கண் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். ஒருவரும் எழுந்து போகவில்லை. கஷ்டமான இடத்தில் வரும் தாழ்ந்த குரல், கேட்பவரைப் பக்கத்தில் இழுக்கவும் செய்யும்.

அப்படியானால் குரலின் ஏற்ற இறக்கம் வீண் பேச்சா? அப்படியும் இல்லை. ஸ்வீடனில் ரெபெக்கா ஹின்க்ஸ் என்ற ஆய்வாளர் 2005-இல் மாணவர்களின் பேச்சை இதே வகையில் அளந்தார். சுருதி அதிகம் மாறும் பேச்சைத்தான் கேட்டவர்கள் உயிரோட்டமானது என்றார்கள். 2014-இல் பிலிப் குவோ, ஜுஹோ கிம், ராப் ரூபின் ஆகியோர் எட்எக்ஸ் இணையப் பாடங்களின் 862 வீடியோக்களை, 69 லட்சம் பார்வைகளை வைத்து ஆராய்ந்தார்கள். விறுவிறுப்பாக, உற்சாகமாகப் பேசும் ஆசிரியர்களிடம் மாணவர்கள் அதிக நேரம் இருந்தார்கள். ஆனால் அவை பல பேரைப் பார்த்த சராசரிகள். உங்கள் வீடியோவின் மூன்றாவது நிமிடத்தில் என்ன ஆனது என்பதை அவை சொல்லாது. தட்டையான குரலும் அலுப்பான விஷயமும் பெரும்பாலும் ஒரே இடத்தில் வருவதால், எது காரணம் என்று கோடும் பிரித்துச் சொல்லாது.

பிரிக்க ஒரு வழி உண்டு. அளவு சொல்லும் பகுதி அவருடைய எல்லா வீடியோவிலும் வருகிறது. அடுத்த ஆறு வீடியோக்களில் அளவுகள், நேரம், காட்சி எல்லாம் அதேபோல் இருக்கட்டும். ஒன்று விட்டு ஒன்றில் மட்டும், எதிரே உட்கார்ந்திருக்கும் தங்கச்சிக்குச் சொல்வதுபோல் பேசிப் பதிவு செய்யட்டும். ஆறையும் இதேபோல் அளந்து, போகிறவர்களின் பங்கைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். உற்சாகமாகப் பேசிய மூன்றிலும் குறைந்தால் குரலுக்குப் பங்கு உண்டு. வித்தியாசமே இல்லையென்றால் அளவுகளை வாசிப்பதை விட்டுவிட்டு, திரையில் எழுதிப் போட்டு நேரே வெட்டுக்குப் போய்விடலாம்.

வாசகிக்கு எழுதிய பதில் இதுதான்: "உங்கள் பத்து நிமிடத்தில் குரலைச் சந்தேகிக்க வேண்டியது ஒரே ஒரு நிமிடத்தை, அதுவும் இன்னும் நிரூபணம் ஆகவில்லை. மற்ற சேனல் மாதிரி சத்தம் போட வேண்டாம். ஜிப் வைக்கும்போது பேசும் அந்தக் குரலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்."