ஒரே மனிதர்: மதிப்பெண் 1, மதிப்பெண் 4

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்காக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 43. விடியற்காலையில் நெஞ்சு அடைக்கிறது. சோடா குடித்துப் பார்க்கிறார், அடங்கவில்லை. வண்டியைக் கிளீனரிடம் விட்டுவிட்டு அவசரப் பிரிவுக்கு வந்து, "வாயு புடிச்சிருக்கு டாக்டர்" என்கிறார். வலி தொடங்கி ஒரு மணி நேரம்தான் ஆகிறது.

மருத்துவர் ஹார்ட் ஸ்கோர் போடுகிறார். 2008இல் நெதர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கு இது. நோயாளி சொல்லும் விவரம், இசிஜி, வயது, ஆபத்துக் காரணிகள், ரத்தத்தில் ட்ரோபோனின் ஆகிய ஐந்துக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண். மொத்தம் 3 வரை என்றால் ஆபத்து குறைவு, 4 முதல் 6 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். இசிஜியிலேயே எஸ்டி உயர்வுள்ள மாரடைப்பு தெரிந்தால் கணக்கே வேண்டாம், நேராகச் சிகிச்சைதான்.

நம் ஓட்டுநருக்கு இசிஜி இயல்பு. 45 வயதுக்குக் கீழ் என்பதால் வயதுக்குப் பூஜ்யம். ட்ரோபோனினும் பூஜ்யம். 'வாயு' என்ற சொல்லை நம்பினால் விவரத்துக்கும் பூஜ்யம். பீடிக்கு மட்டும் ஒன்று. மொத்தம் 1, வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறது தாள்.

இனி, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவரிடம் பேசிப் பாருங்கள். ஒரு வாரமாகவே கேபினில் ஏறும்போது நெஞ்சு இறுக்குகிறதாம், நின்றால் சரியாகிறதாம். இன்று இடது தோளும் வலித்து, சட்டை நனைய வியர்த்திருக்கிறது. விவரத்துக்கு 2. அப்பா 50 வயதில் மாரடைப்பில் இறந்தவர். சர்க்கரை இல்லை என்கிறார், ஆனால் பார்த்ததே இல்லை. விரலில் குத்தினால் 260. பீடியோடு சேர்த்து மூன்று காரணிகள், அதற்கு 2. மொத்தம் 4. அதே மனிதர், அதே இசிஜி, இப்போது அவர் அட்மிட் ஆக வேண்டியவர்.

வடசென்னையில் இந்த இடைவெளி பெரியது. பரிசோதனையே செய்யாத நோய், கணக்கில் இல்லாத நோயாகிவிடுகிறது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்பே வருவதை 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. வயதுக்கு விழும் பூஜ்யத்தை நாம் அதே நம்பிக்கையோடு படிக்க முடியாது.

ட்ரோபோனினுக்கு இன்னொரு சிக்கல். இதயத்தசை சிதைந்த பிறகுதான் அது ரத்தத்தில் கசியும். சாதாரண கிட்டில் தெரிய மூன்று, நான்கு மணி நேரம்கூட ஆகலாம். ஒரு மணி நேர வலியில் 'நெகட்டிவ்' வந்தால், இன்னும் தெரியவில்லை என்று மட்டுமே பொருள். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், இடையில் இசிஜியும் திரும்ப எடுக்க வேண்டும். நெரிசல் மிகுந்த பிரிவில் முதலில் விடுபடுவது இந்த இரண்டாவது ரத்தம்தான்.

எனவே கேஸ் ஷீட்டில் மொத்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வலி தொடங்கிய நேரத்தையும் எழுதுங்கள், மருத்துவர்களே. நெஞ்சுவலியோடு வருகிறவர்களும் வாயு என்று நீங்களே முடிவுகட்டாமல், எப்போது தொடங்கியது, என்ன செய்யும்போது வந்தது என்பதை முதலில் சொல்லுங்கள்.